741-இன் 30 பிகோஃபாரட்: இரண்டாம் நிலையின் பெருக்கம் பட்டையகலத்தைத் தீர்மானிக்கிறதா?

வெள்ளைப்பலகை வேறொரு இழையில் எழுதியது: “741 செயற்பாட்டுப் பெருக்கிச் சில்லுக்குள் உள்ள 30 பிகோஃபாரட் மின்தேக்கியை இரண்டாம் நிலை 516 மடங்காக்கி ஏறத்தாழ 15,500 பிகோஃபாரட் ஆக்கிவிடுகிறது. ஆகவே அந்த நிலையின் பெருக்கம் சில்லுக்குச் சில்லு மாறும்போது பட்டையகலமும் அதே அளவில் மாறும்.”

மின்தச்சன்:
இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 15,500 என்ற கணக்கில் குறையில்லை. முதல் நிலை இரண்டாம் நிலையைச் சந்திக்கும் இடத்தில் மின்தடை சுமார் 2.5 மெகாஓம் என்பதால், பெருக்கம் சரியத் தொடங்கும் அதிர்வெண்ணான ஆதிக்கத் துருவம் 4.1 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது. மொத்தப் பெருக்கம் சுமார் 2,43,000. இரண்டையும் பெருக்கினால் 1 மெகாஹெர்ட்ஸ். இனி இரண்டாம் நிலையின் பெருக்கத்தைப் பாதியாக்குங்கள். மின்தேக்குதிறன் 7,750 பிகோஃபாரடாகக் குறைந்து, துருவம் 8.2 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. ஆனால் மொத்தப் பெருக்கமும் 1,21,500 ஆகப் பாதியாகிவிடுகிறதே. பெருக்குத்தொகை அதே 1 மெகாஹெர்ட்ஸ்தான். பின்னூட்டம் கொடுத்து 100 மடங்குப் பெருக்கியாகக் கட்டினால், இரண்டு சில்லுகளும் 10 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான் வேலை செய்யும்.

வெள்ளைப்பலகை:
4.1 ஹெர்ட்ஸ் 8.2 ஹெர்ட்ஸ் ஆனது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பட்டையகலம் இல்லையென்றால் வேறு என்னவென்று அறிய விரும்புகிறேன். நான் சொன்னதையே இரண்டு பத்தியில் நிறுவிக் காட்டிவிட்டு, எனக்கே பாடம் நடத்துவது தங்களுக்குப் புதிதல்ல. மின்வழங்கி இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

ஒலிப்பெட்டி:
என் அனுபவமும் வெள்ளைப்பலகை ஐயா சொல்வதை உறுதிப்படுத்துகிறது. நான் கட்டிய முன்பெருக்கியில் 741-ஐப் பயன்படுத்தினேன். 20 கிலோஹெர்ட்ஸில் சிறிய அலை அழகாக வந்தது. வெளியீட்டின் உச்சத்தை 10 வோல்ட்டுக்கு உயர்த்தியதும், ஆசிலோஸ்கோப்பில் சைன் அலை முக்கோணமாக மாறிவிட்டது. சமிக்ஞை பெரிதாகும்போது மில்லர் மின்தேக்குதிறனும் பெரிதாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மின்தச்சன்:
ஒலிப்பெட்டி, நீங்கள் பார்த்தது வேறு நோய். முதல் நிலையால் அதிகபட்சம் சுமார் 19 மைக்ரோஆம்பியர்தான் தர முடியும். அந்த மின்னோட்டம் 30 பிகோஃபாரடை நிரப்பும் வேகமே வெளியீடு ஏறும் வேகம். அது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு 0.63 வோல்ட். தரவுத்தாளில் இதற்கு 0.5 என்றே போட்டிருப்பார்கள். 0.5-ஐ வைத்துக் கணக்கிட்டால், 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் முழுமையாக வெளிவராது. முக்கோணத்தின் சரிவை அளந்து பாருங்கள். உள்ளீட்டை இன்னும் கூட்டினாலும் அது மாறாது. துருவம் காரணமாக இருந்திருந்தால் அலை சிறுத்திருக்குமே தவிர, வடிவம் கெட்டிருக்காது.

வெள்ளைப்பலகை:
முதலில் 15,500 என்றீர்கள், இப்போது 30 என்கிறீர்கள். வசதிக்கேற்ப மின்தேக்கியை மாற்றிக்கொள்ளும் சுற்றுக் கோட்பாட்டை நான் படித்ததில்லை.

மின்தச்சன்:
எந்த முனையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 19 மைக்ரோஆம்பியரை 15,500 பிகோஃபாரடில் செலுத்தினால், இரண்டாம் நிலையின் நுழைவாயில் நொடிக்கு ஏறக்குறைய 1,230 வோல்ட் வேகத்தில் ஏறும். அதை 515 மடங்கு பெருக்கினால் வெளியீட்டில் அதே 0.63 தான் வரும். 515 மடங்காகப் பெருத்த மின்தேக்கியை 515 மடங்கு பெருக்கம் அடித்துவிடுகிறது; பட்டையகலக் கணக்கிலும் நடப்பது இதுவே. 4 ஹெர்ட்ஸுக்கு மேலே முதல் நிலையின் மின்னோட்டம் முழுவதும் அந்த 30 பிகோஃபாரட் வழியாகவே போகிறது, அதில் எழும் மின்னழுத்தமே வெளியீடு. பெருக்கம் 500-ஆ 250-ஆ என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

சில்லுக்குச் சில்லு வேறுபாடு வரும் என்பதை நான் மறுக்கவில்லை. அது முதல் நிலையின் சார்பு மின்னோட்டத்திலிருந்தும், 30 பிகோஃபாரட் எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டது என்பதிலிருந்தும் வருகிறது. 0.19 மில்லிஆம்பியர்/வோல்ட் என்ற முதல் நிலைக் கடத்தளவை 2π × 30 பிகோஃபாரடால் வகுத்தால் 1 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அந்த வகுத்தலில் இரண்டாம் நிலை எங்கேயாவது தென்படுகிறதா?

இருதுருவம்:
ஆதிக்கத் துருவத்தைப் பற்றி மின்தச்சன் எழுதியதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஆனால் பாதிக் கதையை மறைக்கிறார். அந்த மின்தேக்கிக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. மில்லர் கணக்குப்படியே வெளியீட்டின் பக்கம் C(1 + 1/A), அதாவது ஏறத்தாழ முழு 30 பிகோஃபாரடும் சுமையாக ஏறுகிறது. எனவே இரண்டாவது துருவமும் கீழே இறங்கும். மின்தேக்கியைப் பெரிதாக்கினால் நிலைப்புத்தன்மை கெடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மின்தச்சன்:
மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. தாங்கள் எழுதிய சூத்திரம் பெருக்கம் முழு அளவில் இருக்கும் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மட்டுமே செல்லும். இரண்டாவது துருவம் இருக்கும் உயரத்தில், அந்த மின்தேக்கி கலெக்டரையும் பேஸையும் கிட்டத்தட்ட ஒன்றாக இணைத்துவிடுகிறது. அப்போது அந்த ட்ரான்சிஸ்டரின் வெளியீட்டு மின்தடை சுமார் 80 கிலோஓமாக இராது. அதன் கடத்தளவின் தலைகீழ் மதிப்பான நூற்றுச்சொச்சம் ஓமாகச் சரிந்துவிடும். ஆகவே அந்தத் துருவம் மேலே ஓடுகிறது. ஒன்று கீழே இறங்க மற்றொன்று மேலே விலகுவதால்தான் வெறும் 30 பிகோஃபாரடில் காரியம் முடிகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் LM301A ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இந்த மின்தேக்கியை 1-ஆம், 8-ஆம் கால்களுக்கிடையே நாமே வைக்க வேண்டும். பெருக்கம் ஒன்றாகக் கட்டி, 3 பிகோஃபாரட் வைத்து ஒரு சதுர அலை கொடுத்தால் வெளியீடு துள்ளும் அல்லது தானாகவே அலைவுறும். 30 வைத்தால் அடங்கிவிடும். தாங்கள் சொல்வது உண்மையானால், பெரிய மின்தேக்கி வைத்ததும் துள்ளல் அல்லவா கூடியிருக்க வேண்டும்?

இருதுருவம்:
பரிசோதனையில் கிடைப்பது ஒட்டுமொத்த விளைவு. அதைக் கொண்டு தனி ஒரு துருவத்தின் இடத்தை அறுதியிட்டுச் சொல்வது அவசரப்பட்ட முடிவு. மேலும் அதே மின்தேக்கி வழியாக முதல் நிலையின் மின்னோட்டம் ட்ரான்சிஸ்டரைத் தாண்டி நேராக வெளியீட்டுக்குப் போய்விடும் என்பதைத் தாங்கள் இதுவரை வாய்திறந்து சொல்லவில்லை. கட்டத்தைக் கெடுப்பது அதுதான்.

மின்தச்சன்:
741-இல் இரண்டாம் நிலையின் கடத்தளவு 6.5 மில்லிஆம்பியர்/வோல்ட். அந்த நேர்வழியின் தொல்லை 34 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில்தான் தலைகாட்டும். 1 மெகாஹெர்ட்ஸில் அது இருப்பதே தெரியாது.

இருதுருவம்:
மாஸ் ட்ரான்சிஸ்டர்களில் கட்டும்போது இரு நிலைகளின் கடத்தளவுகளும் அவ்வளவு தொலைவில் இருப்பதில்லை. அங்கே மின்தேக்கியுடன் ஒரு மின்தடையைத் தொடராகச் சேர்க்காமல் தங்கள் சுற்று நிற்குமா?

மின்தச்சன்:
தலைப்பு 741 பற்றியது.

ஒலிப்பெட்டி:
அப்படியானால் என் முன்பெருக்கியில் 301A-ஐப் போட்டு 3 பிகோஃபாரட் வைத்தால் 20 கிலோஹெர்ட்ஸில் 10 வோல்ட் கிடைக்குமா? எனக்குத் தேவையான பெருக்கம் 10 மடங்கு.

மின்தச்சன்:
கிடைக்கும். 10 மடங்குக்கு 3 பிகோஃபாரட் போதும், ஏறும் வேகமும் பத்து மடங்காகும். கால்களை ஒட்டியே மின்தேக்கியைப் பற்றவையுங்கள். பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே தானாகவே சில பிகோஃபாரட் இருக்கும் என்பதால், அதில் வைத்து 3-ஐ அளக்க முனையாதீர்கள்.

வெள்ளைப்பலகை:
இரண்டாம் நிலையின் பெருக்கம் பாதியானால் துருவம் இரு மடங்காகும் என்ற என் கூற்றை இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை. சிமுலேட்டரிலும் 8.2 ஹெர்ட்ஸ்தான் வந்தது. படத்தை இன்று மாலை இணைக்கிறேன்.

மின்தச்சன்:
அந்தப் படத்திலேயே இரண்டு கோடுகளும் பெருக்கம் ஒன்று என்ற மட்டத்தை எங்கே வெட்டுகின்றன என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். கிடைமட்ட அச்சை 100 ஹெர்ட்ஸோடு நறுக்கிவிட வேண்டாம்.