சீரிஸ் 5 வாட்ச்: பேட்டரி மாற்றலாமா, புதிது வாங்கலாமா?

அம்மா தவறி விழுந்தால் எங்களுக்குத் தகவல் வரவேண்டும் என்றுதான் இந்த ஆப்பிள் வாட்ச். 2019 மாடல். பேட்டரியின் கொள்ளளவு இப்போது 76% என்று காட்டுகிறது; வயதான பேட்டரிக்கு இது இயல்புதான். ஆனால் சாயங்காலமே அணைந்துவிடுகிறது, அப்புறம் அவர் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

இதற்கு வாட்ச்ஓஎஸ் 10-தான் கடைசி, 2024-இல் வந்த 11 கிடையாது. விழுவதைக் கண்டறியும் வசதி இதிலேயே இருப்பதால் அது பரவாயில்லை.

என் கவலை தண்ணீர். திரையைப் பெயர்த்துத்தான் பேட்டரியை எடுக்க வேண்டும்; மறுபடி ஒட்டும்போது பசை சரியாக உட்காராவிட்டால் உள்ளே ஈரம் புகும். அம்மாவோ குளிக்கும்போதும் கழற்றுவதில்லை, வழுக்கும் இடமும் அதுதான்.

வெளிக்கடையில் பேட்டரி மாற்றியவர்கள் சொல்லுங்கள்: அதற்குப் பிறகு தண்ணீர் தாங்கியதா? இல்லை, எஸ்இ புதிதாக வாங்கிவிடுவதே நல்லதா?