சனிக்கிழமை ரேட், ஞாயிறு ரேட், திங்கள் தாவல்: தங்கத்துக்கு விலை போடுவது எந்தக் கணக்கில்?

நேர்விலை: உலகச் சந்தை வெள்ளியோட மூடிடுது. அப்புறம் சனிக்கிழமை காலையில தங்கம் ரேட் எப்படி மாறுது? ஞாயிறு முழுக்க அசையாம இருந்துட்டு திங்கள் காலையில ஒரே தாவா தாவுதே, அது யார் போடுற கணக்கு? வியாபாரிகள் கூடிப் பேசி வைக்கிற விலைன்னுதான் எனக்குத் தோணுது.

தராசுமுள்: சனிக்கிழமை மாறுவது புது விலை அல்ல, வெள்ளிக்கிழமையின் மிச்சம். நியூயார்க்கில் வர்த்தகம் வெள்ளி மாலை 5 மணிக்குத்தான் முடிகிறது. ஆசியாவில் அப்போது சனிக்கிழமை பிறந்திருக்கும். உள்ளூர் நகை வியாபாரிகள் சங்கம் தன் கடைசி ரேட்டை வெள்ளி மாலையே போட்டுவிடும். அதற்குப் பிறகு நியூயார்க்கில் பல மணி நேரம் வியாபாரம் நடக்கிறது. அந்த அசைவுதான் சனிக்கிழமை காலை ரேட்டில் ஏறுகிறது.

கணக்குக்காக வசதியான எண்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளி மாலை சங்கம் ரேட் போட்டபோது ஒரு அவுன்ஸ் 3,000 டாலர், ஒரு டாலர் உள்ளூர்ப் பணத்தில் 80. அவுன்ஸ் என்பது 31.1035 கிராம். 3,000-ஐ 80-ஆல் பெருக்கி 31.1035-ஆல் வகுத்தால் சுத்தத் தங்கம் கிராம் 7,716. நியூயார்க் மூடும்போது 3,030 ஆகிவிட்டது என்றால் அதே கணக்கில் 7,793. சனிக்கிழமை காலை கிராமுக்கு 77 கூடும். சுங்கவரியும் உள்ளூர் பிரீமியமும் இதற்கு மேல் ஏறும். கூடிப் பேசினாலும் பேசாவிட்டாலும் இந்த 77 வந்தே தீரும்.

எண்கணக்கு: இதில் நியூயார்க் எதற்கு வருகிறது? உலகம் முழுக்க லண்டன் விலைதானே அடிப்படை. காலை 10.30, பிற்பகல் 3 மணி என்று ரெண்டு ஏலம். வெள்ளிக்கிழமை 3 மணி விலை எதுவோ, அதுதான் வார இறுதி விலை. சங்கங்கள் அதை எடுத்துப் பெருக்கிப் போடுகின்றன.

தராசுமுள்: லண்டன் ஏல விலை ஒப்பந்தங்களுக்கு அடிப்படை, அதில் சந்தேகமில்லை. சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் மத்திய வங்கியும் அதை வைத்துத்தான் கணக்குத் தீர்க்கின்றன. ஆனால் லண்டனில் பிற்பகல் 3 மணி என்றால் நியூயார்க்கில் பெரும்பாலும் காலை 10 மணிதான். அதன்பின் ஏழு மணி நேரம் சந்தை ஓடுகிறது. அந்த ஏழு மணி நேரத்தை விட்டுவிட்டு ரேட் போடுகிற கடைக்காரர் சனிக்கிழமை வாங்க வருபவரிடம் பழைய விலையில் மாட்டிக்கொள்வார்.

வார இறுதிக் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. 'வெள்ளிக்கிழமை விலை' என்று மூன்று விலைகள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் சொன்ன லண்டன் ஏலம். இன்னொன்று நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில், பிற்காலத் தேதிக்கு இப்போதே விலை பேசும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களின் அன்றைய கணக்கைத் தீர்க்க எடுக்கும் செட்டில்மென்ட் விலை. அது நியூயார்க் நேரம் பிற்பகல் 1.30-க்கு எடுக்கப்படுவது. மூன்றாவது மாலை 5 மணிக்கு நடந்த கடைசி வியாபாரம். மதியத்துக்கு மேல் ஏதாவது செய்தி வந்து விலை ஆடியிருந்தால் மூன்றும் மூன்று திசையில் நிற்கும். ரெண்டு சங்கங்கள் சனிக்கிழமை வெவ்வேறு ரேட் போட்டால், முதலில் பார்க்க வேண்டியது யார் எந்த மணி விலையை எடுத்தார்கள் என்பதைத்தான். போதாக்குறைக்கு, ஃபியூச்சர்ஸ் விலையில் வட்டி சேர்ந்திருப்பதால் அது பெரும்பாலும் உடனடி வியாபார விலையான ஸ்பாட்டைவிடச் சற்று மேலே இருக்கும். அதை அப்படியே ஸ்பாட் என்று எடுத்துப் பெருக்கினால் ரேட் வீங்கிவிடும்.

எண்கணக்கு: 1.30, 5 மணி வித்தியாசம் ஏற்கிறேன், நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் 5 மணி விலையை நம்புவதும் சரியில்லையே. மூடுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் ஆளே இருக்க மாட்டார்கள். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடைவெளி விரிந்து கிடக்கும். திரையில் உறைந்து நிற்பது அதில் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

தராசுமுள்: உண்மை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கடைசியாகப் பதிவான ஒற்றை விலையை எடுக்காமல், கடைசி அரைமணி நேரத்தில் விலை நிலைத்து நின்ற இடத்தைப் பார்க்கிறார்கள்.

மாலைமணி: எனக்கு வேற சந்தேகம். நான் ஞாயிற்றுக்கிழமை போன்ல பார்த்தப்போ தங்கம் ஒன்றரை சதவீதம் ஏறிக் காட்டுச்சு. உடனே கடைக்குப் போனா பழைய ரேட்டே இருந்துச்சு, சந்தோஷமா வாங்கினேன். திங்கள் காலையில பார்த்தா ரேட் பெரிசா மாறவே இல்ல. அப்போ போன் காட்டினது என்ன?

கரைமணல்: பெரும்பாலும் PAXG அல்லது XAUT விலையாக இருக்கும். தங்கத்துக்கு ஈடாக வெளியிடப்படும் கிரிப்டோ டோக்கன்கள் அவை. ஒரு டோக்கன் ஒரு அவுன்ஸுக்குச் சமம், வாரம் முழுக்க இரவு பகலாக வியாபாரம் ஆகும். சில தளங்கள் தாங்களே வார இறுதி விலை என்று ஒன்று காட்டுவதும் உண்டு. என் கருத்து, சங்கங்கள் இதையே ஞாயிறு ரேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நடப்பு விலை கண்முன்னே இருக்கும்போது வெள்ளிக்கிழமை விலையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

தராசுமுள்: அந்த விலையில் கட்டித் தங்கம் யாரும் தர மாட்டார்கள், அதனால்தான். வார நாளில் டோக்கன் விலை ஸ்பாட்டை விட்டு விலகினால் ஒருவர் இங்கே வாங்கி அங்கே விற்று அதை நேராக்கிவிடுவார். வார இறுதியில் 'அங்கே' என்பது மூடியிருக்கிறது. பிடித்து நிறுத்த ஆளில்லாமல் கொஞ்சம் பணம் புகுந்தாலே விலை ஆடும். மாலைமணி பார்த்த ஒன்றரை சதவீதம் திங்கள் காலை கரைந்துபோனது இப்படித்தான் இருக்க வேண்டும்.

கரைமணல்: கரையாமல் திங்கள் திறப்பு அதே பக்கம் போன வாரங்களும் உண்டு. பெரிய செய்தி சனிக்கிழமை வந்தால் அதன் திசையை முதலில் காட்டுவது டோக்கன்தான். அளவு தவறலாம், திசை பெரும்பாலும் தவறாது.

நேர்விலை: சரி, சனிக்கிழமை கணக்கு புரிஞ்சுது. ஞாயிறு? சில இடங்கள்ல வார இறுதியில மட்டும் ரேட்டுக்கு மேல கொஞ்சம் கூட்டி வாங்குறாங்க, பழைய நகையை எடுக்கும்போது குறைச்சுக் கொடுக்குறாங்க. இதுக்கு என்ன நியாயம்? கடையில இருக்கிறது என்னைக்கோ வாங்கின சரக்குதானே.

தராசுமுள்: சரக்கு பழசுதான். ஆனால் விற்றதும் அதே எடையைத் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அந்த விலைதான் கடைக்காரருக்கு முக்கியம். பெரிய கடைகள் பல வங்கியிடம் மெட்டல் லோனில் தங்கம் எடுத்திருக்கும். விலை ஃபிக்ஸ் ஆகாமல் எடை மட்டும் கடனாக வந்திருக்கும். நகை விற்றதும் வங்கியைக் கூப்பிட்டு அந்த எடைக்கு அன்றைய விலையை ஃபிக்ஸ் செய்வார்கள். ஞாயிறன்று வங்கியின் தங்க வியாபாரப் பிரிவு இயங்காது. நியூயார்க் நேரம் ஞாயிறு மாலை 6 மணிக்குச் சந்தை திறந்த பிறகுதான் ஃபிக்ஸ் செய்ய முடியும்.

மேலே போட்ட எண்களையே தொடருவோம். ஞாயிறன்று 7,793 ரேட்டில் 500 கிராம் விற்றாகிவிட்டது. சந்தை 3,075-இல் திறக்கிறது, அதாவது கிராம் 7,909. கிராமுக்கு 116 வீதம் ஏறத்தாழ 58,000 நஷ்டம். 2,985-இல் திறந்தால் அதே அளவு லாபம்.

நேர்விலை: அப்போ சராசரியில சரியாப் போயிடுமே. நஷ்டத்தை மட்டும் சொல்லி ஏன் கூட்டி வாங்கணும்?

தராசுமுள்: சராசரியில் சரியாகாது. விலை ஏறும் என்று காட்டுகிற செய்தி சனிக்கிழமை வந்தால், உறைந்த ரேட்டில் வாங்கக் கூட்டம் வரும். மாலைமணி செய்தது அதுதான். இறங்கும் என்று காட்டும் செய்தி வந்தால் வாங்குபவர் திங்கள் வரை பொறுப்பார்; பழைய நகையை விற்பவர்தான் வருவார். ஏறப்போகும்போது கடை 500 கிராம் விற்கும், இறங்கப்போகும்போது 100 கிராம்தான் விற்கும். இரண்டு பக்கமும் பாதகம் கடைக்குத்தான். விலையை அசைக்க முடியாத நாளில் இதற்கு இருக்கும் வழி, வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுவது. இல்லாவிட்டால் ஒருவருக்கு இத்தனை கிராம் என்று வரம்பு வைப்பது. மொத்த வியாபாரிகள் சிலர் வார இறுதியில் விலையே சொல்ல மாட்டார்கள்.

எண்கணக்கு: வெள்ளி இரவே ஹெட்ஜ் எடுத்தால், அதாவது விலை ஏறினால் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட ஃபியூச்சர்ஸ் வாங்கி வைத்தால், இதெல்லாம் தேவையில்லை. காமெக்ஸ் மைக்ரோ ஒப்பந்தம் 10 அவுன்ஸ், 311 கிராம். வார இறுதியில் 500 கிராம் விற்கும் என்று தெரிந்தால் ரெண்டு ஒப்பந்தம் வாங்கி வைத்துத் திங்கள் காலை விற்றுவிடலாம். அதைச் செய்யாத சோம்பேறித்தனத்துக்கு வாடிக்கையாளர் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று நேர்விலை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தராசுமுள்: ரெண்டு ஒப்பந்தம் 622 கிராம். விற்றது 200 கிராம் மட்டும் என்றால் மீதி 422 கிராமுக்கு இறங்கும் அபாயம் தலையில் ஏறிவிடும். எவ்வளவு விற்கும் என்று தெரிந்த பெரிய கடைக்கு உங்கள் வழி சரி. சிறிய கடைக்கு ஃபியூச்சர்ஸ் கணக்கும் இருக்காது, அதற்கு ஈடாகக் கட்ட வேண்டிய மார்ஜின் பணமும் இருக்காது. ஆனால் ஹெட்ஜ் எடுத்த பிறகும் அதே இடைவெளியை வைத்து விற்பவர்களை நான் ஆதரிக்கவில்லை. ரிஸ்க் இல்லாத இடத்தில் அதற்கு விலை வாங்குவது தவறு.

நேர்விலை: அதைத்தான் நான் கேட்டேன். ஹெட்ஜ் எடுத்தாரா இல்லையான்னு வாங்குறவருக்கு எப்படித் தெரியும்?

கரைமணல்: தெரியாது. வாங்கும் ரேட்டையும் விற்கும் ரேட்டையும் புதன்கிழமை ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை கேட்டு இடைவெளியை ஒப்பிடலாம். அதற்கு மேல் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

மாலைமணி: விடுமுறை நாளும் இதே கணக்கா? திங்கள்கிழமை ஊர்ல லீவுன்னா?

தராசுமுள்: இல்லை, இது தலைகீழ். ஊரில் விடுமுறை, உலகச் சந்தை திறந்திருக்கிறது என்றால் ரேட் அசையத்தான் வேண்டும். தங்கத்தின் டாலர் விலை நடப்பில் கிடைக்கும். கிடைக்காதது உள்ளூர் டாலர் மாற்று விலை. பலர் வெள்ளிக்கிழமை மாற்று விலையையே போட்டுப் பெருக்கிவிடுகிறார்கள். உலகெங்கும் டாலர் வலுத்ததால் தங்கம் இறங்கியிருந்தால், உள்ளூர்ப் பணமும் டாலருக்கு எதிராக இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய மாற்று விலையால் பெருக்கும்போது இறக்கம் மட்டும் கணக்கில் வரும், அதை ஈடுகட்டும் டாலர் ஏற்றம் வராது. ரேட் அளவுக்கு மீறிக் குறைந்து தெரிந்து, வங்கி திறந்ததும் மேலே வரும். சனிக்கிழமை ரேட்டிலும் இதே பிழை சிறிய அளவில் உண்டு.

லண்டனுக்கு மட்டும் விடுமுறை என்றால் ஏல விலை வராது, ஆனால் நியூயார்க்கும் ஆசியாவும் ஓடும். அன்று லண்டன் விலையைக் காத்திருந்து எடுப்பவர்கள் முந்தைய நாள் விலையோடு நிற்பார்கள். புனித வெள்ளியில் லண்டன் ஏலமும் காமெக்ஸும் இரண்டும் மூடியிருக்கும். அது மூன்று நாள் வார இறுதி, வியாழன் விலைதான் ஞாயிறு வரை.

எண்கணக்கு: திங்கள் காலை திறந்ததும் முதல் ஐந்து நிமிட விலையில் ரேட் போடுகிறவர்களையும் சொல்லுங்கள். ஞாயிறு செய்தி முழுதும் அந்த நேரத்தில் கொட்டும், எதிரே ஆள் இருக்க மாட்டார்கள். டோக்கியோவும் சிங்கப்பூரும் வந்த பிறகு பாதி தாவல் அடங்கிப்போவது வழக்கம்.

கரைமணல்: அடங்காத திங்களும் உண்டு. காத்திருந்து ரேட் போட்டவர் அன்று முதல் மணியில் விற்றதெல்லாம் பழைய விலையில்தான் போயிருக்கும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.