குழு வந்ததா, வந்தனரா?

மெய்ப்பு பார்ப்பவர்:
நாளிதழ் மெய்ப்பில் நான் அதிகம் திருத்துவது வாக்கியத்தின் வாலைத்தான். அண்மையில் வந்த வரி இது: ‘ஐந்து பேர் கொண்ட குழு ஆலையைப் பார்வையிட்டு, அங்கிருந்த தொழிலாளர்களிடம் விசாரித்தனர்.’ முடிக்கும்போது எழுதியவர் மனத்தில் நிற்பது அந்த ஐந்து பேர். ஆனால் எழுவாய் குழு, அது அஃறிணை ஒருமை. நடுவில் உள்ளதை மறைத்துவிட்டுக் ‘குழு விசாரித்தனர்’ என்று படித்தால் உடனே இடறும்.

‘விசாரித்தது’ என்று மாற்றலாம், அல்லது எழுவாயைக் ‘குழுவினர்’ ஆக்கலாம். எது என்பதைச் செயலைப் பார்த்து முடிவுசெய்வேன். ஆலைக்குள் நடந்துபோய்க் கேள்வி கேட்டவர்கள் ஆட்கள், அங்கே குழுவினர் பொருந்தும். பரிந்துரை செய்தது அமைப்பு, அங்கே குழுதான். பிறகு ‘குழு கலைக்கப்பட்டது’ என்று செய்தி வரும். அதில் குழுவினரைப் போட்டால் பொருளே கெட்டுவிடும்.

ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா:
என் மகன் ‘மாடுகள் வந்தது’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். மாடுகளும் ஒரு கூட்டம்தானே? குழு வந்தது சரியென்றால் இது எப்படித் தப்பு?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
மந்தை வந்தது, மாடுகள் வந்தனம்மா. மந்தை என்ற சொல் ஒருமை, மாடுகள் பன்மை. பேச்சில் ‘மாடு வந்துச்சு’, ‘மாடுங்க வந்துச்சு’ இரண்டுக்கும் ஒரே முடிவுதான். பிள்ளை காதில் ‘வந்தன’ விழுவதே இல்லை, அதனால்தான் எழுத்தில் தடுமாறுகிறான். ‘ஒவ்வொன்றும்’ சேர்ந்தால் மறுபடி ஒருமை: ‘மாடுகள் ஒவ்வொன்றும் தன் கன்றைத் தேடியது.’ ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதையும் வகுப்பில் அடித்துத் திருத்துவேன். ‘ஒவ்வொரு மாணவரும்’ போதும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்:
எங்கள் சுற்றறிக்கையில் ‘தலைவரோ நானோ வந்து சாவி தருவோம்’ என்று போயிற்று. இரண்டு பேரும் வருவோம் என்று சிலர் காத்திருந்தார்கள். ‘தருவேன்’ என்றால் தலைவர் விடுபடுகிறார், ‘தருவார்’ என்றால் நான் விடுபடுகிறேன். இப்போது ‘தலைவரிடமோ என்னிடமோ சாவி வாங்கிக்கொள்ளலாம்’ என்று எழுதுகிறோம்.

நன்னூல் படிக்கும் மாணவர்:
இதற்கு நன்னூலிலேயே வழி இருக்கிறதே. திணையும் பாலும் கலந்து வந்தால் சிறப்புடையதன் முடிவைக் கொடுக்கலாம். ‘திங்களும் சான்றோரும் ஒப்பர்’ போல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
விதி சரிதான் தம்பி, ஆனால் அது ‘உம்’ சேர்த்து எல்லாரையும் உள்ளடக்கும் இடத்துக்கு. ‘ஓ’ வந்தால் இருவரில் ஒருவர்தான். ‘அண்ணனோ தங்கையோ வருவாள்’ என்று பக்கத்துச் சொல்லுக்கு ஏற்ப முடிப்பதுண்டு. எனக்கு அது உறுத்தும். ‘வரலாம்’, ‘வர வேண்டும்’ என்றால் ஆண், பெண் என்ற சிக்கலே வராது.

மெய்ப்பு பார்ப்பவர்:
‘வருவாள்’ எனக்கு உறுத்தவில்லை அம்மா, அச்சிலும் விட்டிருக்கிறேன். நான் தயங்குவது ‘ஒவ்வொருவரும்’ வரும்போதுதான். ‘ஒவ்வொருவரும் பேசினர்’ என்று வந்தால் விடுவீர்களா, ‘பேசினார்’ ஆக்குவீர்களா?