கலைச்சொல் விவாதம்: மதிப்பெண் தாளைப் பிரித்து அட்டவணைகளாக்கும் வேலைக்கு என்ன பெயர்?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். தரவுத்தளம் பற்றித் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நார்மலைசேஷனில் வந்து நிற்கிறேன். 'இயல்பாக்கம்' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இயல்பு என்றால் தானாக அமைந்தது. இங்கே நடப்பது வேண்டுமென்றே செய்கிற பிரிப்பு.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தாள் இது. வேண்டுமென்றே கொஞ்சம் அலங்கோலமாக வைத்திருக்கிறேன்.

```
எண்  | பெயர்   | பிரிவு | வகுப்பாசிரியர் | மதிப்பெண்கள்
101 | கோமதி  | 9அ   | மாலதி | TAM தமிழ் 78, MAT கணிதம் 91
102 | அன்வர்  | 9அ   | மாலதி | MAT கணக்கு 64
103 | ஜெனி   | 9ஆ   | சேகர்  | TAM தமிழ் 85, MAT கணிதம் 40, SCI அறிவியல் 71
```

நார்மலைசேஷனின் படிகள் ஒவ்வொன்றையும் ஒரு வடிவம் என்பார்கள். இதை மூன்றாம் வடிவம் வரை கொண்டுபோக வேண்டும். அந்த வேலைக்கும், ஒவ்வொரு வடிவத்துக்கும் சொல் வேண்டும்.

முத்துராசா:

அம்மா, மதிப்பெண்ணை நார்மலைஸ் செய்வதற்குப் புதுச்சொல் எதற்கு? 'சமன்செய்தல்' போதுமே. ஒரே தேர்வைப் பல அமர்வுகளாக நடத்தும்போது ஒரு வினாத்தாள் கடினமாக அமைந்துவிடும். ஒவ்வொருவர் மதிப்பெண்ணிலிருந்தும் அந்த அமர்வின் சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுப்பார்கள். சராசரி 50, திட்டவிலக்கம் 10 என்றால் அன்வரின் 64 என்பது 1.4 ஆகிவிடும். ஆனால் உங்கள் தாளில் மூன்றே பேர். அதை வைத்துச் சராசரி எடுத்து என்ன பயன்?

இளங்கோ:

முத்துராசா ஐயா சொல்வது புள்ளியியல். செல்வி கேட்பது வேறு. இங்கே ஒரு மதிப்பெண்கூட மாறாது, 64 கடைசிவரை 64தான். ஆனாலும் இந்தக் குழப்பம் நமக்கு உதவும். மதிப்பெண் தாளையே உதாரணமாக வைத்துக்கொண்டு 'இயல்பாக்கம்' என்று தலைப்பிட்டால், படிக்கிறவர்களில் பாதிப்பேர் ஐயா நினைத்ததைத்தான் நினைப்பார்கள்.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுடன் உறவை நார்மலைஸ் செய்ததைப் பார்த்துத்தான், அட்டவணைத் தரவுத்தளங்களுக்கு அடிப்படைக் கோட்பாட்டை வகுத்த எட்கர் காட் இந்தப் பெயரை வைத்தாராம். நிக்சன் பீஜிங் போனது 1972-ல். காட் ஐபிஎம்மில் இருந்தபோது எழுதிய 1970 கட்டுரையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கேட்க நன்றாயிருக்கும் கதை, அவ்வளவுதான்.

சொல்லைப் பிறகு பார்க்கலாம். முதலில் வேலையைச் செய்து பார்ப்போம்.

தாளின் கடைசி நெடுவரிசையான 'மதிப்பெண்கள்' பத்தியில் ஒரே கட்டத்துக்குள் பல மதிப்பெண்கள் அடைந்து கிடக்கின்றன. கணிதத்தில் 50-க்குக் கீழே யார் என்று கேட்டால், எழுத்தை வெட்டித் தேடித்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே ஒரு மாணவர், ஒரு பாடம், ஒரு மதிப்பெண் என்று வரிகளாக விரிக்கிறோம். மூன்று வரி ஆறாகிறது. இப்போது மாணவர் எண் மட்டும் சொன்னால் ஒரு வரியைப் பிடிக்க முடியாது. எண்ணும் பாடக்குறியும் சேர்ந்ததுதான் சாவி. முதல் வடிவம் இவ்வளவே.

மாணவர்கள் திகைக்கும் இடமும் இதுதான். தாள் சுத்தமாகும் என்று பார்த்தால் ஜெனியின் பெயர் மூன்று முறை வந்து நிற்கிறது, முன்பு ஒரு முறைதான் இருந்தது. தேவையற்ற திரும்பல் முதல் வடிவத்தில் கூடும். இதைப் பாடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு பத்தியையும் 'உன்னைத் தீர்மானிப்பது யார்?' என்று கேளுங்கள். 40 என்ற மதிப்பெண்ணைச் சொல்ல, எண் 103 என்பதும் பாடம் MAT என்பதும் இரண்டுமே வேண்டும். 'ஜெனி' என்று சொல்ல 103 மட்டும் போதும், பிரிவும் வகுப்பாசிரியரும் அப்படித்தான். பாடத்தின் பெயருக்கு MAT மட்டும் போதும். சாவியின் ஒரு பாதியை மட்டும் பிடித்துத் தொங்குகிற பத்திகளைக் கழற்றித் தனியே வைப்பது இரண்டாம் வடிவம். மாணவர், பாடம், மதிப்பெண் என்று மூன்று அட்டவணை வருகிறது.

இங்கே வேறொன்றும் நடக்கிறது. பாடம் அட்டவணையில் MAT-க்கு ஒரே வரிதான் இருக்க முடியும். அதில் 'கணிதம்' என்று போடுவதா, அன்வர் வரியில் உள்ள 'கணக்கு' என்று போடுவதா? யாரையாவது கேட்டாக வேண்டும். தாளில் ஒளிந்திருந்த முரண் பிரிக்கும்போது தானாக வெளியே வருகிறது.

ஃபாத்திமா:

இவ்வளவு சுற்றத் தேவையில்லையே ஐயா. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு என்பதுதானே முதல் வடிவம்? தமிழ், கணிதம், அறிவியல் என்று மூன்று பத்தி போட்டுவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே எண். சாவியும் மாணவர் எண் ஒன்றே. சாவிக்குப் பாதி என்பதே இல்லாததால் இரண்டாம் வடிவம் தன்னால் வந்துவிடும். அப்படியே மூன்றாவதும்.

பெயருக்கு என் பரிந்துரை 'சார்புப் பிரிப்பு'. நடப்பதை அப்படியே சொல்கிறது.

இளங்கோ:

இரண்டாம் வடிவம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒற்றைப் பத்திச் சாவி இருந்தால் அதை மீறவே முடியாது. 'அப்படியே மூன்றாவதும்' என்பதில்தான் வழுக்கிவிட்டீர்கள். உங்கள் தாளிலும் கோமதி, அன்வர் இருவர் வரியிலும் மாலதி என்ற பெயர் இருக்கிறது. வகுப்பாசிரியரை நேராகத் தீர்மானிப்பது மாணவர் எண் அல்ல, பிரிவு. எண்ணிலிருந்து பிரிவுக்கு, பிரிவிலிருந்து ஆசிரியருக்கு என்று இரண்டு தாவல்.

இதனால் என்ன கெடும்? 9ஆ-வில் நம் தாளில் இருப்பவர் ஜெனி ஒருவரே. அவர் பள்ளி மாறிப் போனதும் அந்த வரியை நீக்குகிறோம். 9ஆ-வின் வகுப்பாசிரியர் சேகர் என்ற தகவலும் கூடவே போய்விடும். மாணவரை நீக்கினோம், ஆசிரியரைத் தொலைத்தோம். பிரிவும் வகுப்பாசிரியரும் மட்டும் உள்ள நான்காவது அட்டவணை ஒன்றைப் பிரித்து, மாணவர் அட்டவணையில் பிரிவை மட்டும் விட்டுவைத்தால் இது தீரும். அதுதான் மூன்றாம் வடிவம்.

மூன்று பாடப் பத்தி முதல் வடிவத்தை மீறுகிறதா என்பதில் தெரிந்தவர்களே இரு கட்சி. எழுத்துப்படி மீறவில்லை என்பது என் கட்சி. ஆனால் நாளை நான்காவது பாடம் வந்தால் அட்டவணையின் அமைப்பையே மாற்ற வேண்டும். அன்வரின் தமிழ்க் கட்டம் காலியாகக் கிடப்பதற்கு என்ன பொருள்? தேர்வுக்கு வரவில்லையா, அந்தப் பாடமே எடுக்கவில்லையா, மதிப்பெண் இன்னும் ஏறவில்லையா?

'சார்புப் பிரிப்பு' இரண்டுக்கும் மூன்றுக்கும் பொருந்துகிறது. முதல் வடிவத்தில் எந்தச் சார்பையும் பிரிக்கவில்லையே. போதாததற்குக் கணிதப் பாடநூலில் ஃபங்ஷனுக்கே சார்பு என்றுதான் பெயர். ஒரு பத்தி இன்னொரு பத்தியைத் தீர்மானிப்பதைச் சொல்லும் ஃபங்ஷனல் டிபெண்டன்சிக்கு அப்புறம் 'சார்புச் சார்பு' என்றுதான் எழுத வேண்டிவரும்.

கனகா:

ஒரு பள்ளிக்கு இதே மாதிரித் தாளைத் தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். நடுவில் ஒரு வகுப்பாசிரியர் மாறியிருந்தார். யாரோ வடிகட்டி வைத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள், சில வரிகள் தப்பிவிட்டன. ஒரே பிரிவுக்கு இரண்டு வகுப்பாசிரியர்! பிரிப்பதற்கு முன் இதை ஓட்டிப் பார்ப்பது இப்போது என் வழக்கம்:

```sql
SELECT section, COUNT(DISTINCT teacher)
FROM marks
GROUP BY section
HAVING COUNT(DISTINCT teacher) > 1;
```

வரி ஏதாவது வந்தால் அங்கே முரண் இருக்கிறது.

இன்னொன்று. 101 என்ற ஒரே எண்ணுக்கு 'கோமதி' இரண்டு பெயராக எண்ணப்பட்டது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் ஓகாரக் குறி U+0BCB என்ற ஒற்றைக் குறியீடு. மற்றதில் U+0BC7, U+0BBE என்று இரண்டு. இதை ஒருமுகப்படுத்துவதற்கும் யூனிகோடில் நார்மலைசேஷன் என்றே பெயர். ஆக ஒரே தாளில் மூன்று நார்மலைசேஷன். மூன்றுக்கும் 'இயல்பாக்கம்' என்றால் வேலைக்கு ஆகாது.

இளங்கோ:

கனகா, நல்ல வினவல். ஆனால் ஒரு எச்சரிக்கை. வரி எதுவும் வராவிட்டால் விதி உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்வியின் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே எண்தான் இருக்கிறது. அதனால் பெயரையே சாவியாக்கலாமா? அடுத்த வாரம் இன்னொரு அன்வர் சேருவார். எது எதைத் தீர்மானிக்கிறது என்பதைப் பள்ளியின் நடைமுறை தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். தரவு ஒரு விதியைப் பொய்யாக்க முடியும், மெய்யாக்க முடியாது.

இதனால் ஃபங்ஷனல் டிபெண்டன்சிக்குச் 'சார்பு' வேண்டாம், 'தீர்மானிப்பு' என்று வைக்கலாம் என்பேன். 'எண் பெயரைத் தீர்மானிக்கிறது' என்று வாக்கியமாகவும் வரும்.

முத்துராசா:

நான் கேள்வியைத் தவறாகப் படித்தது புரிந்தது. இருந்தும் ஒன்று சொல்கிறேன். 'தீர்மானிப்பு' வாயில் நுழைகிறது, எழுத்தில் கனக்கிறது. மூன்றாம் வடிவத்தில் வரும் இரண்டு தாவலுக்கு என்ன சொல்வீர்கள்? கணிதத்தில் 'கடப்பு உறவு' என்று ஏற்கெனவே இருக்கிறது. 'கடப்புச் சார்பு' என்றால் பள்ளிக் கணிதம் படித்த யாருக்கும் பிடிபடும். 'கடப்புத் தீர்மானிப்பு' என்று எழுதிப் பாருங்கள், நீங்களே விட்டுவிடுவீர்கள்.

செல்வி:

'கடப்பு' பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். அதை ஒட்டி வருவது சார்பா தீர்மானிப்பா என்பதில் இன்னும் மனம் நிற்கவில்லை. வடிவங்களுக்கு 'முதல் நெறிவடிவம், இரண்டாம் நெறிவடிவம், மூன்றாம் நெறிவடிவம்' என்று போட்டிருக்கிறேன், செயலுக்கு 'நெறிவடிவாக்கம்'. 'நெறி' என்ற முன்னொட்டு இருப்பதால் முத்துராசா ஐயாவின் சமன்செய்தலோடும் கனகாவின் யூனிகோடு வேலையோடும் மோதாது என்று நினைக்கிறேன். நீளம்தான் உறுத்துகிறது.

நான்கு அட்டவணையையும் எழுதிப் பார்த்ததில் ஒரு சந்தேகம். ஜெனி அரையாண்டுத் தேர்வை 9ஆ-வில் எழுதிவிட்டு 9அ-வுக்கு மாறுகிறார். மாணவர் அட்டவணையில் பிரிவைத் திருத்துகிறேன். பிரிவுவாரியாக அரையாண்டுச் சராசரி எடுத்தால் அவர் மதிப்பெண்கள் 9அ கணக்கில் விழுகின்றன. எந்த வடிவத்தையும் நான் மீறவில்லையே?

ஃபாத்திமா:

அப்படியானால் மதிப்பெண் அட்டவணையிலேயே பிரிவையும் ஒரு பத்தியாகப் போட்டுவிடுங்களேன்.

இளங்கோ:

போட்டால் ஜெனியின் மூன்று பாட வரிகளிலும் 9ஆ திரும்ப வரும், மறுபடி இரண்டாம் வடிவத்தில் இடிக்கும். செல்வி எதையும் மீறவில்லை. 'எண் பிரிவைத் தீர்மானிக்கிறது' என்ற விதிதான் தவறு. எண்ணும் தேர்வும் சேர்ந்துதான் பிரிவைத் தீர்மானிக்கின்றன. மாணவர் எண், தேர்வு, பிரிவு என்று மூன்று பத்தியுள்ள ஒரு அட்டவணை வேண்டும், மாணவர் அட்டவணையிலிருந்து பிரிவை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் அட்டவணையின் சாவியிலும் தேர்வு சேர வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை ஏற்ற இடமிருக்காது.

ஆண்டு நடுவில் வகுப்பாசிரியர் மாறினால் பிரிவு அட்டவணைக்கும் இதே கேள்வி வரும். அதைப் பாடத்தில் சேர்ப்பதா, பயிற்சியாக விடுவதா என்பது உங்கள் விருப்பம்.

கனகா:

பயிற்சியாக விடுங்கள். 'நெறிவடிவாக்கம்' எனக்குச் சரி. முத்துராசா ஐயா?

முத்துராசா:

வடிவத்துக்கு 'நெறிவடிவம்' சரி. செயலுக்கு எட்டு எழுத்து வேண்டாம், 'நெறியாக்கம்' போதும்.