சந்தேகம்: ஜப்பான் ஃப்ரோஸன் பாக்கெட்டில் "சூடாக்கவில்லை" என்று வருகிறது. சூடாக்கலாமா, கூடாதா?

புதுவாடகை: டோக்கியோவில் நிஷிகசாய்க்குக் குடிவந்து ரெண்டு வாரம். பன்றி இறைச்சி அடைத்த கியோசா கொழுக்கட்டை ஒன்று, மாவில் பொரித்த சிக்கன் கராகே ஒன்று, ரெண்டும் ஃப்ரோஸன். பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து போனிலேயே மொழிபெயர்த்தேன். கியோசாவில் "உறையும் முன் சூடு: சூடாக்கவில்லை", அடுத்த வரியில் "சூடாக்கி உண்ணவும்". ஒன்றுக்கொன்று முரணாக இருக்கே? கராகேக்கு 3 நிமிடம் என்று வருகிறது. என் மைக்ரோவேவ் பின்னால் 950 வாட் என்று இருப்பதால் 2 நிமிடம் வைத்தேன், நடுவில் ஜில்லென்று இருந்தது.

அரைவேக்காடு: ஃப்ரோஸன் எல்லாம் கம்பெனியிலேயே வேகவைத்துதான் வரும் ப்ரோ. மேலே பொன்னிறமா இருந்தா வெந்த சரக்கு. ஆறிப்போகாம சாப்பிடத்தான் சூடு. ஆனா திரும்ப ஃப்ரீஸ் பண்ணாதீங்க.

சைதாப்பேட்டை_டு_சைதாமா: கடைசி வரி சரி, முதல் வரி ஆபத்து. கராகே பெரும்பாலும் வெந்து வரும், கியோசா பலதும் பச்சைதான். நிறத்தை நம்பவும் முடியாது. மேல்மாவை மட்டும் எண்ணெயில் பொரித்து, உள்ளே பச்சையாகவே உறைய வைக்கும் அயிட்டங்கள் உண்டு.

தம்பி, அந்த ரெண்டு வரியும் முரண் இல்லை. முதலாவது தகவல், ரெண்டாவது கட்டளை. "கனெட்சு ஷிதே அரிமசென்" என்றால் தொழிற்சாலையில் உறைய வைக்கும் முன் வேகவைக்கவில்லை, அதாவது உள்ளே இருப்பது பச்சைப் பன்றி. சில நேரம் போன் இதையே "சூடாக்க வேண்டாம்" என்று திருப்பிவிடும், அங்கேதான் வினை. "அரிமசு" என்று முடிந்தால் முன்பே சூடாக்கியது. அப்போதும் அடுத்த வரி "சூடாக்கி உண்ணவும்" என்றால் சூடாக்கியே ஆக வேண்டும்.

தமிழ் மாதிரியே ஜப்பானியத்திலும் "வேண்டாம்" வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பையின் மடிப்பிலோ பளபளப்பிலோ "னைதே குதசாய்" என்ற வால் மறைந்துவிட்டால், "தானாக உருக விடாதீர்கள்" என்பது "தானாக உருக விடவும்" ஆகிவிடும். பையை மேசையில் தட்டையாக நீவி, ஃப்ளாஷ் இல்லாமல், ஒரு கட்டத்துக்கு ஒரு படமாக எடுங்கள்.

தயிர்சாதம்: இதே மாதிரி காய்கறி ஃப்ரைடு ரைஸ் பாக்கெட்டில் பன்றிச் சாறு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தில் காய்தான் இருக்கு.

சைதாப்பேட்டை_டு_சைதாமா: அது வேற கேள்விம்மா, தனி இழை போடுங்க. இப்போதைக்கு, முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு மூலப்பொருள் கட்டத்தைப் படம் எடுங்க.

குளிர்பெட்டி: மைக்ரோவேவ் விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் இருக்கும் 950, மெஷின் குடிக்கும் கரண்ட். உணவுக்குப் போகும் வெளியீடு அதே தகட்டில் தனி வரியில், அல்லது முன் பொத்தான்களில் இருக்கும். சின்ன மெஷின்களில் பல 500 வாட்தான்.

பாக்கெட்டில் 500, 600 என்று ரெண்டு பத்தி இருக்கும். போன் அவற்றை ஒரே வரியாக ஒட்டிவிடும். உங்கள் 3 நிமிடம் 600க்கு உரியது என்று வையுங்கள். 180 விநாடியை 600ஆல் பெருக்கி 500ஆல் வகுத்தால் 216, அதாவது 3 நிமிடம் 36 விநாடி. நீங்கள் கொடுத்தது 2 நிமிடம். ஜில்லென்று இருந்ததில் ஆச்சரியமே இல்லை. எத்தனை துண்டுக்கு என்பதையும் பாருங்கள், 3 துண்டுக்கான நேரத்தில் 6 வைத்தால் நடுவில் வேகாது. "தானியங்கி சூட்டில் வைக்காதீர்கள்" என்று இருந்தால் அதையும் மதியுங்கள்.

புதுவாடகை: முன்பக்கம் 500 என்றுதான் இருக்கு அண்ணா! அப்போ கியோசாவையும் இதே கணக்கில் மைக்ரோவேவில் வைக்கலாமா? அந்தப் பையில் வாணலி படம் மட்டும்தான்.

குளிர்பெட்டி: பையில் மைக்ரோவேவுக்கான நேரம் இல்லை என்றால் வைக்காதீர்கள். பச்சை இறைச்சிக்கு அந்த வாணலி முறைதான் கணக்கு. உருக விடாமல் அப்படியே அடுக்கி, தண்ணீர் சொல்லியிருந்தால் ஊற்றி, மூடியைப் போடுங்கள். மூடி ருசிக்காக இல்லை, மேல்பாதி அந்த ஆவியில்தான் வேகும். அடி சிவந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுவிலிருக்கும் ஒன்றைப் பிளந்து பாருங்கள், ரோஜா நிறம் இருந்தால் மூடியைத் திரும்பப் போடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 75 டிகிரியில் 1 நிமிடம், இங்கே சுகாதாரத் துறை இறைச்சிக்குச் சொல்லும் அளவு.

அரைவேக்காடு: ஆனா டிபன் பாக்ஸில் ஃப்ரோஸனாவே வைத்து மதியம் சாப்பிடுறாங்களே?

சைதாப்பேட்டை_டு_சைதாமா: "தானாக உருகவிட்டு உண்ணலாம்" என்று அச்சிட்ட அயிட்டங்களை மட்டும். அவை அதற்கென்றே தயாராகின்றன. பக்கத்து பாக்கெட்டுக்கு அது பொருந்தாது.

புதுவாடகை: புரிந்தது. நேற்று ஃப்ரீசர் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது, கியோசா ஓரங்கள் மட்டும் மெத்தென்று ஆகி மறுபடி கெட்டியாகிவிட்டன. பையில் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே என்று இருக்கு. தூக்கிப் போடணுமா?

குளிர்பெட்டி: எத்தனை மணி நேரம் திறந்து கிடந்தது? ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கா, பைக்குள் பனிக்கட்டி சேர்ந்திருக்கா?

புதுவாடகை: ராத்திரி முழுக்கவா, காலையிலேயா, தெரியலை. நாலு ஒட்டிக்கிட்டிருக்கு.

சைதாப்பேட்டை_டு_சைதாமா: நேரம் தெரியாத பச்சைப் பன்றியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

குளிர்பெட்டி: நடு கல்லாகவே இருந்திருந்தால் நான் சமைத்திருப்பேன். ஆனால் அது உங்களுக்கே தெரியாதே.