வளைந்த திரையில் கண்ணாடி ஒட்டியபின் ஓர எழுத்துகள் விழவில்லை, கைரேகையும் எடுக்கவில்லை. மாற்ற வேண்டியது கேஸா, கிளாஸா?

திருச்சி_வேலு
போன் கேலக்ஸி எஸ்22 அல்ட்ரா, திரையின் இரண்டு பக்க ஓரமும் வளைந்திருக்கும். ஸ்கூட்டர் பெட்டியில் இருந்து எடுக்கும்போது ஏற்கெனவே ஒருமுறை கீழே விழுந்ததால், போன வாரம் ஒரு கடையில் டெம்பர்டு கிளாஸும் மூலை தடித்த பேக் கேஸும் சேர்த்துப் போட்டேன். அன்றிலிருந்து டைப் செய்தால் ஓரத்தில் உள்ள எழுத்துகள் விழுவதே இல்லை, கைரேகை பத்தில் ஒரு தடவை எடுத்தால் பெரிது. கிளாஸை இடது கீழ்மூலையில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே காற்று போல வெளுப்பாகத் தெரிகிறது. எதை மாற்றலாம்?

நிலாமுற்றம்
மலிவான கிளாஸா இருக்கும் சகோ. 9H என்று போட்டிருக்கும் தடியான கிளாஸா வாங்குங்க, கீறலும் விழாது, கீழே விழுந்தாலும் கவலை இல்லை.

கடைக்கார_அண்ணாச்சி
வேலு தம்பி, முதலில் கேஸைக் கழற்றிவிட்டு அதே எழுத்துகளை அடித்துப் பாருங்க. பிறகு வெளுத்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தொட்டுப் பாருங்க. அழுத்தினால் வேலை செய்கிறது, விரலை எடுத்தால் செய்யவில்லை என்றால், கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது.

வளைந்த திரைக்கு வரும் விலை குறைந்த கிளாஸ்களில் பெரும்பாலும் சுற்று ஓரத்தில் மட்டும்தான் பசை, நடுவில் காற்று. விரலுக்கும் சென்சாருக்கும் தூரம் கூடினால் தொடுதல் மந்தமாகும். உங்கள் மாடலில் கைரேகை சென்சார் ஒலி அலையில் வேலை செய்வது, காற்று குறுக்கே வந்தால் அந்த அலை அங்கேயே திரும்பிவிடும். அதனால் கிளாஸ் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைவிட, சென்சார் இருக்கும் இடத்தில் முழுவதும் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

நிலாமுற்றம் சொன்ன 9H பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு. சட்டைப்பையில் இருக்கும் மணல் அதைவிடக் கடினம், அது கீறத்தான் செய்யும். விழும்போது கிளாஸ் தானே உடைந்து அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மேலே தடிமனைக் கூட்டினால் கேஸின் ஓரம் அதில் முட்டித் தூக்கிவிடும், உங்களுக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

மஞ்சள்பை
எனக்கும் இதே கதைதான்! சார்ஜ் போட்டிருக்கும்போது விரல் வைக்காத இடத்தில் எல்லாம் தானாகத் தொடுகிறது. நான் கிளாஸை மாற்றினேன், அப்படியும் சரியாகவில்லை.

கடைக்கார_அண்ணாச்சி
மஞ்சள்பை, சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் வருகிறதென்றால் அது வேறு பிரச்சினை. வேறு சார்ஜரில் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் அதில்தான் கோளாறு இருக்கும்.

திருச்சி_வேலு
அண்ணாச்சி, சொன்னபடி செய்தேன். கேஸைக் கழற்றியதும் மூலை வெளுப்பு மெல்லப் படிந்தது, எழுத்தும் ஓரளவு விழுகிறது. `Settings > Display > Touch sensitivity` போட்டதும் இன்னும் கொஞ்சம் தேவலை. கைரேகையைப் பழையதை அழித்துவிட்டு மறுபடி பதியப் பார்த்தேன், பதிவே முடியவில்லை. கிளாஸைக் கழற்றிவிட்டு என்ன போடுவது?

கடைக்கார_அண்ணாச்சி
அப்போ இரண்டும் சேர்ந்து செய்த வேலை. ஓரத்தைக் கேஸ் தூக்கியது, கைரேகையைக் காற்று தடுத்தது. இரண்டு வழி இருக்கு.

ஒன்று டிபியூ என்ற நெகிழும் பிளாஸ்டிக்கில் வரும் பிலிம். மெல்லியது, வளைவு வரை ஒட்டும், தொடுதல் இயல்பாக இருக்கும். நீர் தெளித்து ஒட்டுவதால் சின்னக் குமிழிகள் காய ஒருநாள் பொறுக்கணும், அதன்பிறகு கைரேகையை மறுபடி பதியுங்க. ஆனால் அது கீறலுக்குத்தான், முகம் குப்புற விழுந்தால் அதை நம்பாதீங்க. இன்னொன்று யூவி பசைக் கிளாஸ். திரவத்தை ஊற்றி விளக்கு காட்டி இறுக வைப்பார்கள், கைரேகையும் எடுக்கும். பசை வழிந்து மேலே இயர்பீஸ் துளைக்குள்ளும் பக்கத்துப் பட்டனுக்குள்ளும் போகாமல் அடைத்துவிட்டுச் செய்கிற கை பார்த்துக் கொடுங்க.

அடியைத் தாங்கும் வேலையைக் கேஸிடம் விடுங்க. 228 கிராம் எடை போன், மூலையில்தான் முதலில் மோதும். அதனால் மூலையில் உள்ளே காற்றுக்குழி விட்ட டிபியூ கேஸாகப் பாருங்க. முழுக்கக் கடினப் பிளாஸ்டிக் என்றால் கீறல் தாங்கும், அடியை உறிஞ்சாது. கேஸ் போட்ட போனை மேசையில் குப்புறப் போட்டு, திரைக்கும் மேசைக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்க. நுழையவில்லை என்றால் விளிம்பு போதாது.

நிலாமுற்றம்
ராணுவத் தரம் என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கலாம் இல்லையா?

கடைக்கார_அண்ணாச்சி
அந்தச் சோதனை வழக்கமாக 1.22 மீட்டர் உயரத்தில் இருந்து 26 தடவை, கான்கிரீட் மேல் போட்ட பிளைவுட்டில் விழவிடுவது. நம் ரோட்டு ஜல்லி வேறு. நிறுவனமே சோதித்து எழுதிக்கொள்ளலாம், அதனால் அட்டையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

கோடைமேகம்
அண்ணாச்சி சொல்வதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. குப்புற விழும் ஆளுக்குப் பிலிம் ஒட்டினால் திரையே உடையும், யூவி கிளாஸ் இருந்தால் அதுதான் முதலில் போகும். ஸ்கூட்டரில் போகிறவருக்கு நான் யூவிதான் சொல்வேன்.

கடைக்கார_அண்ணாச்சி
விளிம்பு உயர்ந்த கேஸோடு பிலிம் போட்டவர்கள் யாரும் என்னிடம் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜல்லிமுனை நேராகத் திரை நடுவில் குத்தினால் விளிம்பு என்ன செய்யும்? அந்த இடத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன்.

திருச்சி_வேலு
இப்போதைக்குப் பிலிமும் விளிம்பு உயர்ந்த டிபியூ கேஸும் வாங்கப் போகிறேன், கைரேகை தினமும் வேண்டும். ஒட்டிய மறுநாள் பதிந்துவிட்டு எப்படி இருக்கு என்று எழுதுகிறேன்.