ஆறு மாதத்தில் இரண்டாம் முறையாகக் கழன்ற டாய்லெட் பேப்பர் ஹோல்டர்: இடத்தை மாற்றலாமா?

கேட்டவர் (டொரோன்டோ): எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறை 5 அடிக்கு 7 அடிதான். கமோடின் மையத்திலிருந்து 15 அங்குலத்தில் இடப்பக்கச் சுவர் இருக்கிறது. வலப்பக்கம் வாஷ்பேசின் அலமாரி. இரண்டு தூண்களுக்கிடையே ஸ்பிரிங் கம்பி பொருந்தும் ஹோல்டர், தண்ணீர்த் தொட்டிக்கு நேராக இருந்ததால் முதுகைத் திருப்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது அது வெள்ளைப் பொடி உதிர, தகடோடு மீண்டும் கழன்று, சுண்டுவிரல் நுழையும் ஓட்டையை விட்டிருக்கிறது. உதிரி ரோல்களோ பேசினுக்கு அடியில் இருப்பதால், நடுவில் தீர்ந்தால் எழுந்தே ஆக வேண்டும்.

மறுமொழி 1: சுவருக்குள் பாதி புதையும் ஹோல்டரைப் போடுங்கள். இடமும் மிச்சம், முழங்காலும் இடிக்காது.

மறுமொழி 2: இடம் மிச்சம் என்பது சரி. ஆனால் அது பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரானால், தீயையும் ஒலியையும் தடுக்கும் அடுக்கை வெட்டியதாகிவிடும் என்பதால், கட்டட நிர்வாகத்தைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச்சுவரிலும் குழாய் போகலாம்.

முதலில் காரணத்தைப் பாருங்கள். தூண் மட்டும் ஆடினால் அதன் அடியிலுள்ள குட்டித் திருகை இறுக்கினால் போதும். உங்களுக்கு நேர்ந்ததுபோல் தகடே வெள்ளைப் பொடியுடன் வந்தால், சுவரின் ஜிப்சம் பலகையில் திருகைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆங்கர் பிடி விட்டுவிட்டது. ரோலின் எடை அதைக் கழற்றுவதில்லை, ஒவ்வொரு முறையும் இழுக்கும் இழுப்புதான் கழற்றுகிறது. பெரிய ரோல் சுவரில் உரசினால் இன்னும் வலுவாக இழுப்போம்.

கமோடின் முன்விளிம்பிலிருந்து 8 முதல் 12 அங்குலம் முன்னால், தரையிலிருந்து சுமார் 26 அங்குல உயரத்தில் வைப்பது வழக்கம். அந்தப் பகுதியில் ஒரு சிறு காந்தத்தை நகர்த்துங்கள்; அது திருகுகளில் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் ஒட்டினால், உள்ளே மரச்சட்டமோ உலோகச் சட்டமோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுவரில் பொருந்தும் ஒற்றைக் கை ஹோல்டரின் தகடு குறுகியது என்பதால், அதை நேரே சட்டத்திலேயே திருகலாம். சட்டம் கிடைக்காவிட்டால், பலகையின் பின்னால் விரிந்து பிடிக்கும் டாகிள் போல்ட் போடுங்கள். பழைய ஓட்டையில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள்.

மறுமொழி 3 (சென்னை): எங்கள் வீட்டில் கைக்குழாய்த் தண்ணீர் தெறித்தே பேப்பர் ஊறிவிடும். மூடி வைத்த எஃகு ஹோல்டர் வாங்கினோம், தொல்லை தீர்ந்தது.

மறுமொழி 2: தெறிப்புக்கு மூடி நல்லதுதான், அக்கா, ஆனால் இவர் கேட்பது கழல்வதைப் பற்றி. ஷவர் நீராவியையும் அந்த மூடி தடுக்காது.

கேட்டவர்: முன்விளிம்பிலிருந்து 11 அங்குலத்தில் காந்தம் ஒட்டியது, ஒற்றைக் கை ஹோல்டரை அங்கேயே திருகிவிட்டேன், அசையவில்லை. மூன்று ரோல் அடுக்கும் செங்குத்துக் கம்பி ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினேன், ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே 6 அங்குலமே இருக்க, அதன் அடித்தட்டு ஆறரை அங்குலம். இப்போதைக்கு இரண்டு ரோல்கள் தொட்டி மூடியின்மேல் இருக்கின்றன. கோடையில் தொட்டி வியர்க்கும்போது அடி ரோல் ஈரமாகுமா?

மறுமொழி 1: எங்கள் வீட்டில் ஆனதில்லை.

மறுமொழி 2: எங்கள் வீட்டில் ஆனது. ஒரு சிறு கூடையில் வைத்துப் பாருங்கள்.